அறுபத்தொன்றில் நான்கு: இணைப்புக் கோப்பின் ஆய்வு முடிவை எப்படிப் படிப்பது?

மின்னஞ்சலில் வந்த இணைப்புக் கோப்பைத் திறப்பதற்கு முன் வைரஸ்டோட்டல் போன்ற இணையவழிச் சோதனைத் தளத்தில் அதை ஏற்றிப் பார்ப்போரின் கண்ணில் முதலில் படுவது, முடிவுப் பக்கத்தின் மேற்பகுதியில் வட்டத்துக்குள் நிற்கும் ஓர் எண் இணை. 61 தடுப்பு மென்பொருள்கள் சோதித்ததில் நான்கு மட்டும் கோப்பைத் தீயது எனச் சொல்லியிருந்தால் அங்கே `4/61` என்று இருக்கும். மீதி ஐம்பத்தேழும் குறை காணாதபோது இந்த நான்குதான் தவறியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டிக் கோப்பைத் திறந்துவிடுவோர் பலர். எதிர்பாராமல் வந்த இணைப்பைப் பொறுத்தவரை அந்த முடிவு ஆபத்தானது. எனினும் வேறொரு வகைக் கோப்பில் அதே நான்கு வெற்று எச்சரிக்கையாகவும் இருக்கக்கூடும் என்பதால், எண்ணைப் பார்த்து மட்டும் எந்தப் பக்கமும் சாய முடியாது. எந்த நான்கு, என்ன பெயர் சொல்லி, எப்போது சொன்னது என்ற மூன்றையும் பார்த்த பிறகே அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கிறது.

வைரஸ்டோட்டல் 2004இல் ஸ்பெயின் நாட்டின் ஹிஸ்பாசெக் நிறுவனத்தால் தொடங்கப்பட்டு, 2012இல் கூகுளின் கைக்கு வந்தது. அந்தத் தளம் தானாக எந்தத் தீர்ப்பும் வழங்குவதில்லை. ஏற்றப்பட்ட கோப்பைப் பல நிறுவனங்களின் தடுப்பு மென்பொருள்களிடம் கொடுத்து, அவை சொல்வதை ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டுவதே அதன் பணி. இவ்வாறு கோப்பைச் சோதிக்கும் உள்மென்பொருளுக்கு என்ஜின் என்று பெயர். என்ஜின் எதையும் கண்டுபிடிக்காதபோது பக்கத்தில் தோன்றும் சொல் `Undetected`. தனக்குத் தெரிந்த தீய அடையாளம் எதுவும் இக்கோப்பில் தென்படவில்லை என்பதே அதன் பொருள். கோப்பு நல்லது என்று எந்த என்ஜினும் அந்தச் சொல்லால் சான்றளிக்கவில்லை. ஆகவே ஐம்பத்தேழு மறுப்புகள் இருப்பதாக வாசகர் எண்ணுகிற இடத்தில் உண்மையில் இருப்பவை ஐம்பத்தேழு மௌனங்கள்.

அந்த மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தளத்தில் இயங்குபவை பெரும்பாலும் அந்த மென்பொருள்களின் கட்டளைவரி வடிவங்கள். வீட்டுக் கணினியில் நிறுவப்படும் முழுத் தொகுப்பு, கோப்பு இயங்கும்போது அதன் நடத்தையைக் கண்காணித்தும், அது எந்த இணைய முகவரியிலிருந்து வந்தது என்பதைக் கணக்கில் கொண்டும் தடுக்கக்கூடியது. இணையதளத்தில் அந்தச் சூழல் எதுவும் இல்லாமல், கிடத்தப்பட்ட கோப்பு மட்டுமே என்ஜினுக்குக் கிடைக்கிறது. எனவே தளத்தில் மௌனமாக இருந்த அதே நிறுவனத்தின் மென்பொருள் வீட்டுக் கணினியில் கோப்பைத் தடுத்துவிடுவதும் நடக்கிறது. என்ஜின்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரம் பிரிக்கத் தன் முடிவுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று வைரஸ்டோட்டலே கூறிவருவதற்கும் இதுவே முதன்மைக் காரணம்.

ஓர் இணைப்பைப் படித்துப் பார்த்தல்

எடுத்துக்காட்டாக, ஒரு சிறு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு வாரத்தின் முதல் நாள் காலையில் `Payment_Advice.html` என்ற இணைப்போடு மின்னஞ்சல் வருவதாகக் கொள்ளலாம். அனுப்பியவர் பெயர் பழகிய வாடிக்கையாளருடையதாகத் தெரிகிறது. பணம் செலுத்தப்பட்டுவிட்டது, விவரம் இணைப்பில் உள்ளது என்பது கடிதத்தின் சாரம். இத்தகைய கோப்பை முதலில் ஏற்ற வேண்டியதில்லை. அதன் ஹாஷ் எண்ணைத் தேடினாலே போதும். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணித வழியில் சுருக்கிப் பெறும் நிலையான நீளமுள்ள அடையாள எண். ஓர் எழுத்து மாறினாலும் அது முற்றிலும் வேறாகிவிடும். கோப்பைத் திறக்காமல் சேமித்துவிட்டு, விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் பின்வருமாறு தட்டினால் 64 எழுத்துகள் கொண்ட அந்த எண் கிடைக்கும்.

```
certutil -hashfile Payment_Advice.html SHA256
```

அதைத் தளத்தின் தேடல் பெட்டியில் இட்டால், அதே கோப்பை உலகில் வேறு யாரேனும் முன்பே ஏற்றியிருந்தால் அந்த முடிவு உடனே வரும். இந்த வரிசையை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. தளத்தில் ஏற்றப்படும் கோப்பு அங்கு இணைந்துள்ள பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படுகிறது. கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்கள் அதைப் பதிவிறக்கவும் முடியும். சம்பளப் பட்டியல், நோயாளியின் அறிக்கை, ஆதார் நகல் போன்றவை உண்மையிலேயே இணைப்பில் இருந்து, அச்சத்தில் ஒருவர் அதை ஏற்றிவிட்டால், தீநிரலால் விளையாத கேட்டை அவரே விளைவித்தவராவார். ஹாஷ் எண்ணைத் தேடுவதில் கோப்பின் உள்ளடக்கம் கணினியை விட்டு வெளியேறுவதில்லை.

இந்த எடுத்துக்காட்டில் தேடலுக்கு விடை கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இதை நற்செய்தியாகக் கொள்வதற்கில்லை. ஏமாற்றுக்காரர்கள் பெறுநரின் மின்னஞ்சல் முகவரியை ஒவ்வொரு கோப்புக்குள்ளும் தனித்தனியே எழுதி அனுப்புவதுண்டு. அப்போது ஆயிரம் பேருக்குச் சென்ற ஒரே மோசடிக்கு ஆயிரம் வெவ்வேறு ஹாஷ் எண்கள் உண்டாகின்றன. கோப்பில் தனிப்பட்ட விவரம் இருக்க வாய்ப்பில்லை என்று தெரிந்த பின் அதை ஏற்றியபோது கிடைத்த முடிவுதான் `4/61`. பட்டியலில் பிட்டிஃபெண்டர், ஜிடேட்டா, ஈஸ்கேன் ஆகிய மூன்றும் `JS:Trojan.Cryxos` என்று தொடங்கும் ஒரே பெயரையும், ஈசெட் மட்டும் `HTML/Phishing.Agent` என்ற பெயரையும் காட்டுகின்றன.

முதலில் கவனிக்க வேண்டியது, நான்கு என்பது உண்மையில் நான்கு அல்ல என்பது. தடுப்பு மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் பலவும் என்ஜினைத் தாமே உருவாக்குவதில்லை. உரிமம் பெற்று இன்னொருவருடையதைப் பயன்படுத்துகின்றன. பிட்டிஃபெண்டரின் என்ஜின் ஜிடேட்டா, ஈஸ்கேன், எம்சிசாஃப்ட், ஆர்க்காபிட் போன்ற பலவற்றின் உள்ளே இருக்கிறது. அவாஸ்டும் ஏவிஜியும் ஒரே நிறுவனத்தின் ஒரே என்ஜினில் ஓடுகின்றன. ஒரே ஆய்வகத்தின் அறிக்கையைப் படித்துவிட்டு மூன்று மருத்துவர்கள் ஒரே நோயைச் சொன்னால் அதை மூன்று பரிசோதனைகளாக யாரும் எண்ணுவதில்லை. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பதே பொது மூலத்துக்கு நம்பத்தக்க அடையாளம் என்பதால், இங்கே கணக்கு நான்கிலிருந்து இரண்டாகச் சுருங்குகிறது. இதே அளவுகோலை மறுபக்கமும் வைக்க வேண்டும்: மௌனமாக இருக்கும் ஐம்பத்தேழிலும் ஒரே மூலத்தைப் பகிர்வோர் உண்டு.

உரிமம் இல்லாமலேயே ஒரு நிறுவனத்தின் கருத்து மற்றொன்றுக்குப் பரவுவதும் உண்டு. காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2010இல் தான் நடத்திய ஒரு சோதனையை வெளிப்படுத்தியது. தீங்கற்ற 20 கோப்புகளை உருவாக்கி, அவற்றுள் பத்தைத் தன் என்ஜின் வேண்டுமென்றே தீயவை என அடையாளம் காட்டுமாறு செய்து, எல்லாவற்றையும் வைரஸ்டோட்டலில் ஏற்றியது. பத்து நாள்களுக்குப் பிறகு பார்த்தபோது, அந்தப் பத்துக் கோப்புகளையும் வேறு நிறுவனங்கள் பலவும், அதிகபட்சம் 14 வரை, தீயவை என்றே காட்டின. அந்தக் கோப்புகளில் தீமை எதுவும் இல்லாததால், பிறர் சொன்னதை ஏற்றுக்கொண்டதே இதற்குப் பெரும்பாலும் விளக்கமாக இருக்க முடியும். சில எச்சரிக்கைகள் நாளடைவில் பலவாக வளர்வதாலேயே அவை உண்மையாகிவிடும் என்று கொள்வதற்கும் இந்தச் சோதனை ஒரு வரம்பை வைக்கிறது.

ஆயினும் இந்த இணைப்பில் எஞ்சும் இரண்டு கருத்துகளும் எடை மிக்கவை. அந்த எடை எண்ணிக்கையிலிருந்து வரவில்லை, பெயர்களிலிருந்து வருகிறது. என்ஜின் தரும் பெயரில், அது எதைக் கண்டு அஞ்சியது என்பதற்கான குறிப்பு இருக்கிறது. ஈசெட் தந்த பெயரின் முதல் பகுதி கோப்பு வகையையும், இரண்டாம் பகுதி கடவுச்சொல்லைத் திருடும் போலிப் பக்கம் என்ற செய்கையையும் சுட்டுகின்றன. கணக்குப் பிரிவுக்கு வந்ததும் அதே வகைக் கோப்பு. அது காட்டக்கூடிய தீமையும் அதே வகைத் தீமை. பிட்டிஃபெண்டரின் பெயரும் வலைப்பக்கத்துக்குள் எழுதப்படும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைக் குறிப்பதால், வெவ்வேறு வழியில் சென்ற இரண்டு ஆய்வுகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. மாறாக, ஒரு வலைப்பக்கக் கோப்பின் மேல் விண்டோஸ் நிரல்களுக்குரிய பெயர் விழுந்திருந்தால் ஐயம் என்ஜினின் மேல்தான் திரும்ப வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது நேரம். `Details` என்ற பிரிவில் `First Submission` என்று ஒரு வரி உண்டு. இக்கோப்பை உலகில் எவரேனும் முதன்முதலாக ஏற்றிய நாளும் நேரமும் அதில் இருக்கும். இங்கே அது சற்று முன் ஏற்றிய நேரமே. அதாவது இக்கோப்பு இத்தளத்துக்கு இதற்கு முன் வந்ததில்லை. புதிய தீநிரல் ஒன்று புறப்படும்போது அதை அடையாளம் காணும் என்ஜின்கள் சிலவாக இருப்பதே இயல்பு. அனுப்புவோர் தம் கோப்பு அகப்படாத வரையில் அதைத் திருத்தித் திருத்திப் பார்த்த பிறகே அனுப்புகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே இன்றுதான் பிறந்த ஓர் இணைப்பின் மேல் விழும் நான்கு எச்சரிக்கைகளை, பல ஆண்டுகளாக லட்சக்கணக்கானோர் பயன்படுத்திவரும் மென்பொருளின் மேல் விழும் நான்கோடு சமமாக வைக்க முடியாது.

இந்த நிலையில் கோப்பின் உள்ளே பார்ப்பதும் இயலாத காரியமல்ல. வலைப்பக்கக் கோப்பு என்பது வெறும் எழுத்துகளால் ஆனது. உலாவியில் திறந்தால்தான் அது இயங்கும், நோட்பேடில் திறந்தால் வெறும் எழுத்தாகவே கிடக்கும். இருமுறை சொடுக்கினால் உலாவிக்குப் போய்விடும் என்பதால், நோட்பேடை முதலில் திறந்துகொண்டு அதன் வழியாகவே கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பணம் செலுத்திய விவரம் இருக்க வேண்டிய இடத்தில் இதுபோன்ற வரி தென்படலாம்:

```html
<script>
document.write(atob("PGZvcm0gbWV0aG9k..."));
</script>
```

`atob` என்பது பேஸ்64 என்ற எழுத்து மாற்று முறையில் மறைத்து வைத்ததை மீண்டும் படிக்கத்தக்க எழுத்தாக்கும் கட்டளை. மேற்கோள் குறிக்குள் பொருளற்றதாகத் தோன்றும் முதல் 16 எழுத்துகளை அவ்வாறு மாற்றினால் கிடைப்பது `<form method`. அதாவது பயனர் எதையோ நிரப்பி எங்கோ அனுப்பும்படி செய்யும் ஒரு படிவத்தின் தொடக்கம். பேஸ்64 தன்னளவில் குற்றமல்ல. படங்களைப் பக்கத்துக்குள் பொதிய நேர்மையான வலைப்பக்கங்களும் அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒரு கட்டணச் சீட்டுக்குப் படிவம் எதற்கு, அந்தப் படிவத்தை மறைத்து வைப்பது எதற்கு என்ற இரண்டு கேள்விகளுக்கும் நேர்மையான விடை இல்லை. பெரும்பான்மை என்ஜின்கள் மௌனமாக இருந்ததன் காரணமும் இங்கேயே தெரிகிறது: அவை தேடும் எழுத்துகள் மாற்றப்பட்டுக் கிடக்கின்றன, மாற்றத்தை அவிழ்த்துப் பார்த்தவை மட்டுமே கண்டன.

ஆகவே இந்த `4/61` ஒரு மோசடியின் அடையாளம். கோப்பைத் திறக்கக் கூடாது என்பதே முடிவு.

அதே எண், வேறு தீர்ப்பு

இதற்கு நேர்மாறான முடிவும் அதே எண்ணிலிருந்து வரக்கூடும். கல்லூரி மாணவர் ஒருவர் பைத்தான் மொழியில் எழுதிய சிறு நிரலை, பைத்தான் நிறுவப்படாத கணினியிலும் ஓடும்படி பைஇன்ஸ்டாலர் என்ற கருவியால் ஒரே `.exe` கோப்பாகக் கட்டி நண்பர்களுக்குக் கொடுக்கிறார் என்று கொண்டால், அந்தக் கோப்பும் எழுபது என்ஜின்களில் நான்கைந்திடம் எச்சரிக்கை பெறுவது வெகு இயல்பு. அங்கே தோன்றும் பெயர்களின் சாயல் வேறு. ஒன்று `malicious_confidence_60%` என்கிறது, ஒன்று `Static AI - Suspicious PE` என்கிறது, ஒன்று `Unsafe` என்பதோடு நிறுத்திக்கொள்கிறது, மைக்ரோசாஃப்ட் `Trojan:Win32/Wacatac.B!ml` என்கிறது. கடைசிப் பெயரின் இறுதியில் உள்ள `!ml` என்பது, மனித ஆய்வாளர் இக்கோப்பைப் பிரித்துப் பார்த்து வைத்த பெயரல்ல, பழைய கோப்புகளைக் கொண்டு பயிற்றப்பட்ட இயந்திரக் கற்றல் முறை செய்த கணிப்பு என்பதைக் குறிக்கிறது. இந்தப் பெயர்கள் ஒன்றிலும் கோப்பு என்ன செய்யும் என்ற செய்தி இல்லை. தீயவற்றைப் போல் தோற்றமளிக்கிறது என்ற செய்தி மட்டுமே உள்ளது.

தோற்ற ஒற்றுமைக்குக் காரணமும் தெளிவானதே. பைஇன்ஸ்டாலர் கட்டும் கோப்புகள் அனைத்தின் முகப்பிலும் ஒரே தொடக்க நிரல் அமர்கிறது; தீநிரல் எழுதுவோரும் அதே கருவியைப் பயன்படுத்துவதால், அந்த முகப்பே தீமையின் அடையாளமாகக் கணிப்பு முறைகளுக்குப் பதிந்துபோகிறது. கோப்பைச் சுருக்கிக் கட்டும் யுபிஎக்ஸ் போன்ற கருவிகளுக்கும், ஆட்டோஇட் மொழியில் எழுதப்பட்ட நிரல்களுக்கும் இதே அவப்பெயர் உண்டு. நேர்மையாக எழுதப்பட்ட சிறு மென்பொருள்கள் பல இதனால் படும் பாடு சிறிதல்ல. அவற்றை எழுதியோர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே முறையிட்டுப் பெயரை நீக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தவறான எச்சரிக்கை சிறியவர்களின் மேல் மட்டுமே விழும் என்பதும் இல்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான `svchost.exe` கோப்பையே வைரஸ் என்று அடையாளம் கண்டு அகற்றியதில், உலகெங்கும் ஏராளமான கணினிகள் முடங்கின.

எனவே நிரல் கோப்பு ஒன்றில் சில எச்சரிக்கைகளைக் காண்போர், பெயர்கள் அனைத்தும் பொதுப்படையானவையா, கோப்பு நெடுநாளாகத் தளத்துக்குத் தெரிந்ததா, எழுதியவரின் சொந்தத் தளத்தில் வெளியிடப்பட்ட ஹாஷ் எண்ணோடு கையிலுள்ள கோப்பின் எண் ஒத்துப்போகிறதா, டிஜிட்டல் கையொப்பம் செல்லுபடியாகிறதா என்று பார்ப்பது தகும். இந்த நான்கும் சாதகமாக இருந்தால் வெற்று எச்சரிக்கை என்று கொள்ள நியாயம் உண்டு. ஆனால் இந்தச் சலுகை, தேவை கருதி ஒருவர் தாமே தேடிச் சென்று எடுத்த கோப்புக்கு உரியது. கேளாமல் அஞ்சலில் வந்து சேர்ந்த `.exe` கோப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. அலுவலகத்துக்கு வர வேண்டிய கடிதம் எதுவும் இயங்கு நிரலாக வருவதில்லை.

என்ஜின் உள்ளே நுழைய முடியாத இடம்

எண்ணிக்கை எந்தச் செய்தியையும் தராத ஒரு நிலையும் உண்டு. கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட ஸிப் கோப்பை அனுப்பி, கடவுச்சொல்லைக் கடிதத்திலேயே எழுதிவைப்பது எமோடெட் போன்ற தீநிரல்களைப் பரப்பியவர்கள் கையாண்ட உத்தி. கடிதம் படிப்பவர் கையில் சாவி இருக்கிறது, என்ஜினின் கையில் இல்லை. அத்தகைய கோப்புக்கு `0/60` என்று வந்தாலும் அது பூட்டின் மேல் நடத்திய சோதனை மட்டுமே. அதில் ஓரிரண்டு எச்சரிக்கைகள் வந்திருந்தால், பூட்டிய நிலையிலும் வெளியே தெரியும் கோப்புப் பெயர்களைக் கண்டோ முன்பே அதே பொட்டலத்தைப் பார்த்தோ அவை எழுந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றை அலட்சியப்படுத்த இடமில்லை. `Unable to process file type` என்று காட்டும் என்ஜின்களும் இதே கணக்கில் சேர்பவை. அவை கோப்பைப் படிக்கவே இல்லை.

ஐயம் நீங்காதபோது காலத்தின் உதவியை நாடலாம். அதே பக்கத்தில் ஓரிரு நாள் கழித்து `Reanalyze` என்ற பொத்தானை அழுத்தினால், புதுப்பிக்கப்பட்ட என்ஜின்கள் கோப்பை மீண்டும் சோதிக்கும். பொத்தானை அழுத்தாமல் பக்கத்தை மட்டும் திறந்தால் பழைய முடிவே காட்டப்படும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முடிவின் அருகிலுள்ள தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். நான்கு பதினெட்டாகி, புதிதாக வந்தவற்றில் தெளிவான செய்கையைச் சுட்டும் வெவ்வேறு பெயர்கள் இருந்தால் கோப்பு தீயதே. நான்கு ஒன்றாகக் குறைந்தால், முன்பு எச்சரித்த நிறுவனங்களே தம் பிழையைத் திருத்திக்கொண்டன என்று பெரும்பாலும் கொள்ளலாம். மாறாமல் நின்றால் ஐயமும் நிற்கிறது.

அந்த ஓரிரு நாள் காத்திருக்க முடியாத அவசரம் என்று கடிதம் சொல்லுமானால், அனுப்பியவராகத் தோன்றும் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் கேட்டுவிடுவது எந்த என்ஜினையும் விட விரைவானது. ஆனால் அழைக்க வேண்டியது பழைய பில்லிலோ ஒப்பந்தத்திலோ இருக்கும் எண்ணை, வந்த கடிதத்தின் அடியில் இருக்கும் எண்ணை அல்ல. கோப்பு முன்பே திறக்கப்பட்டு, அதில் கடவுச்சொல்லும் தட்டப்பட்டிருந்தால், வேறொரு கணினியிலிருந்து அந்தக் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றி, அஞ்சல் அமைப்புகளில் கடிதங்களை வெளி முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதேனும் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் புகார் பதிவானால்தான் அதை நிறுத்திவைக்க வழி இருக்கும்.